பெயரை மறைத்துப் படித்தாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும்

கேள்வி: ஐயா, கும்பகோணத்துக்கு அருகில் ஒரு நவீன அரிசி ஆலையில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் எட்டு ஊழியர்களின் கருத்துகளைப் படத்துடன் போட்டிருக்கிறோம். ‘இங்கு ஒவ்வொரு நாளும் ஒரு புதிய கற்றல்’, ‘நாங்கள் அனைவரும் ஒரே குடும்பம்’, ‘என் திறமைக்கு உரிய மேடை கிடைத்தது’ என்பவை போன்ற வரிகள். நேர்முகத் தேர்வுக்கு வந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், “இதெல்லாம் நீங்களே எழுதினதா மேடம்?” என்று கேட்டுவிட்டார். உண்மையும் அதுதான். விளம்பர நிறுவனம் எழுதிக் கொடுத்த வரிகளுக்கு எங்கள் ஆட்களின் பெயரைப் போட்டோம். மனிதர்கள் சொன்னதுபோல் இவற்றை எப்படித் திருத்தி எழுதுவது? பேச்சுத் தமிழில் போட்டால் தரம் குறைந்து தெரியும் என்று முதலாளி சொல்கிறார். — மனிதவள அலுவலர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அந்த வரிகளைத் திருத்த வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. யாரும் சொல்லாத ஒன்றை, யாரோ சொன்னதுபோல் இன்னும் இயல்பாக எழுதித் தருவதற்கு என்னைப் போன்றவர்களால் முடியும். ஆனால் அது இன்னும் கொஞ்சம் தேர்ச்சியான விளம்பர வரியாக இருக்குமே தவிர, அந்த ஊழியரின் பேச்சாக ஆகாது. அந்தப் பக்கத்தில் படமும் பெயரும் இருக்கிறவர் நாளை டீக்கடையில் அதே மாணவரைச் சந்தித்தால், “ஆமாம், அது நான் சொன்னதுதான்” என்று சொல்லக்கூடிய வரியாக அது இருக்க வேண்டும். அதற்கு அவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். பேசியதைப் பதிவு செய்து, பிறகு வேண்டாததை வெட்ட வேண்டும். புதிதாக எழுதுகிற வேலை இதில் ஏறக்குறைய இல்லை.

இப்போதுள்ள வரிகளில் என்ன கோளாறு என்பதை ஒருமுறை தெளிவாகப் பார்த்துக்கொண்டால், பிறகு வரும் புதிய வரிகளிலும் அதே கோளாறு நுழைவதைத் தடுக்கலாம். ‘என் திறமைக்கு உரிய மேடை கிடைத்தது’ என்ற வரியைப் பாய்லர் இயக்குபவரின் பெயரிலிருந்து எடுத்துக் கணக்குப் பிரிவுப் பெண்ணின் பெயரில் போட்டுப் பாருங்கள். பிறகு அப்படியே தூக்கித் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். எங்கும் பொருந்துகிறது. அந்த வரியில் நெல் இல்லை, இயந்திரம் இல்லை, சீசன் இல்லை, இன்னொரு மனிதர் இல்லை. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்று நடந்து, அதிலிருந்து ஒருவருக்கு இந்த எண்ணம் வந்திருக்கலாம். ஆனால் நடந்தது மறைந்து, தீர்ப்பு மட்டும் பக்கத்தில் நிற்கிறது. நடந்ததைச் சொன்னால் தீர்ப்பைப் படிக்கிறவரே வழங்கிக்கொள்வார். நடந்ததைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் கொடுத்தால் அவர் நம்ப மறுக்கிறார்.

உங்கள் பக்கத்தைப் படிக்கிறவர் யார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ படித்து முடித்துவிட்டு, சென்னைக்குப் போவதா, திருப்பூருக்குப் போவதா, சிங்கப்பூருக்கு ஏஜென்டைப் பிடிப்பதா, இல்லை வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வருவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் திட்டுவார்களா, சம்பா அறுவடை நேரத்தில் இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர முடியும், சீசன் இல்லாத மாதங்களில் வேலை இருக்குமா, மூன்று வருடம் கழித்தும் இதே இயந்திரத்தின் முன்னால்தான் நிற்பேனா என்பவைதான் அவருடைய கேள்விகள். அவற்றை நேர்முகத் தேர்வில் உங்களிடம் கேட்க அவர் தயங்குவார். ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் அவற்றுக்குத் தன் வாயால் பதில் சொல்கிற இடமாக ஊழியர் கருத்து அமைந்தால்தான் அதனால் அவருக்குப் பயன் உண்டு.

இனி, பேசுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். ஊழியரை உங்கள் அறைக்கு வரச் சொல்லி, மேசைக்கு எதிரே உட்காரவைத்து, “நம்ம கம்பெனியில உங்களுக்குப் பிடிச்சது என்ன?” என்று கேட்டால், அவர் தேர்வு எழுதுகிறவரைப்போல் சரியான விடையைத் தேடுவார். கிடைக்கிற விடை, விளம்பர நிறுவனம் எழுதிய அதே வரியாக இருக்கும். மேலாளர் பக்கத்தில் நின்றால் அதுவும் வராது. அவர் வேலை செய்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். ஷிஃப்ட் மாறுவதற்கு முன் இருபது நிமிடம் கேளுங்கள். இயந்திரச் சத்தத்தில் பதிவு சரியாக வராது என்றால் கிடங்கு ஓரமோ உணவுக்கூடமோ போதும். கைபேசியில் பதிவு செய்யப் போவதையும், எதற்காக என்பதையும், அவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் வெளியே வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையில் நோட்டு வைத்து எழுதாதீர்கள். நீங்கள் எழுதக் குனியும்போதெல்லாம் அவர் பேச்சை எழுத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்.

கேள்வி, அபிப்பிராயத்தைக் கேட்பதாக இல்லாமல் நடந்ததைக் கேட்பதாக இருக்க வேண்டும். முதல் வாரம் எது பிடிபடவில்லை, அதை யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் உங்கள் வேலையை என்னவென்று சொல்லிவைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்; இந்தக் கேள்விக்கு மிக எளிமையான, மிக நேரான சொற்கள் வரும். தை மாதத்தில் லாரி வரிசை கட்டி நிற்கிற ஒரு நாளைக் காலையிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தம்பி இந்த வேலைக்கு வருவதாக இருந்தால் எதை முன்கூட்டியே சொல்லி எச்சரிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் ‘நல்லா இருக்கும்’, ‘சப்போர்ட் பண்ணுவாங்க’ என்று பொதுவாகச் சொல்லும்போது, “எப்போ? ஒரு தடவை நடந்ததைச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் சற்று நீண்டாலும் அதை நீங்கள் நிரப்ப வேண்டாம். நல்ல பதில் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒரு வரி எப்படி உருவாகிறது என்பதை முழுதாகக் காட்டுகிறேன். திருவாரூர் மாவட்டத்தில் வேறொரு ஆலைக்காக இதே வேலையைச் செய்தபோது, கலர் சார்ட்டர் இயக்கும் இளைஞர் ஒருவரின் பெயரில் ஏற்கெனவே இருந்த வரி இது: ‘நவீனத் தொழில்நுட்பத்துடன் பணிபுரியும் வாய்ப்பு என் அறிவை விரிவாக்கியது.’ அவரிடம் முதல் வாரம் எது பிடிபடவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதைப் பதிவிலிருந்து அப்படியே தருகிறேன்.

“முதல்ல... நான் டிப்ளமோ எலக்ட்ரிக்கல் சார். மெஷின்னா தெரியும்னு நெனச்சுதான் வந்தேன். இதுல என்னன்னா, அரிசி சரிவுல விழும், கேமரா பாக்கும், கருப்பு அரிசிய காத்து அடிச்சுத் தள்ளிடும். அவ்வளவுதானேன்னு இருந்துச்சு. கருப்பு ஒண்ணுகூட வரக் கூடாதுன்னு நான் பாட்டுக்கு சென்சிட்டிவிட்டிய ஏத்தி வெச்சுட்டேன். கருப்பு போயிடுச்சு. ஆனா கழிவுப் பக்கம் என்ன போவுதுன்னு நான் பாக்கவே இல்ல. ஃபோர்மேன் வந்தாரு. திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. கழிவுல ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டுல போட்டு, எண்ணுன்னாரு. எண்ணுனா பாதிக்கு மேல நல்ல அரிசி சார். அவ்வளவும் வீணா போயிருக்கு. அப்புறம் என்ன, இப்ப அரை மணிக்கு ஒரு தடவ மொதல்ல கழிவத்தான் போய் பாப்பேன். நல்ல அரிசிய அப்புறந்தான் பாப்பேன். வீட்ல எங்க அம்மாகிட்டகூட சொல்லிச் சிரிச்சேன்.”

இதில் எழுத வேண்டியது எதுவுமில்லை என்பதை நீங்களே பார்க்கலாம். வெட்ட வேண்டியது மட்டும் இருக்கிறது. இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் அழகாக இருந்தாலும், அதை வைத்தால் வரி நீண்டுவிடும். விண்ணப்பிக்கிறவர் அதை வேறு இடத்தில் தெரிந்துகொள்ளலாம். டிப்ளமோ என்பது பெயருக்குக் கீழே வேலையைக் குறிப்பிடும் இடத்துக்குப் போகலாம். ‘முதல்ல’, ‘அப்புறம் என்ன’, ‘சார்’ ஆகியவை பேச்சின் மூச்சு. தாளில் அவை தேவையில்லை. மீதியைச் சேர்த்தால் இப்படி வருகிறது:

“கருப்பு அரிசி ஒண்ணுகூட வரக் கூடாதுன்னு சென்சிட்டிவிட்டியை ஏத்தி வெச்சுட்டேன். ஃபோர்மேன் வந்தார். திட்டுவார்னு பார்த்தேன், திட்டலை. கழிவுல ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டுல போட்டு, ‘எண்ணு’ன்னார். பாதிக்கு மேல நல்ல அரிசி. இப்போ அரை மணிக்கு ஒரு தடவை முதல்ல கழிவைத்தான் போய்ப் பார்ப்பேன்.”

இந்த ஆலையில் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் என்ன கற்றார், யாரிடம் கற்றார், எந்த விதத்தில் கற்றுக்கொடுத்தார்கள் என்பது அத்தனையும் இதில் இருக்கிறது. வெட்டும்போது நான் மிகவும் கவனமாகக் காப்பாற்றிய சொல் ‘திட்டலை’ என்பது. புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒருவருடைய பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிற சொல் அதுதான். அதை எடுத்துவிட்டால் மீதி வெறும் தொழில்நுட்பக் குறிப்பாகிவிடும். ‘வெள்ளைத் தட்டு’ என்பதையும் அதே காரணத்துக்காக விடவில்லை. தட்டின் நிறத்தை யாரும் கற்பனை செய்து எழுதமாட்டார்கள் என்பது படிக்கிறவருக்குத் தெரியும்.

இந்த வரி நிர்வாகத்தின் பார்வைக்குப் போய்த் திரும்பியபோது, ‘எனது மேற்பார்வையாளரின் பொறுமையான வழிகாட்டுதலால் தரக் கட்டுப்பாட்டின் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டேன்’ என்று மாறி வந்தது. உங்கள் ஆலையிலும் இது நடக்கும். அதற்குத் தயாராக இருங்கள். தகவல் மாறவில்லையே என்று வாதிடுவார்கள். மாறியிருக்கிறது. ‘பொறுமையான’ என்பது படிக்கிறவர் தாமாக வர வேண்டிய முடிவு. அதை ஊழியரின் வாயில் வைத்துவிட்டோம். ‘வழிகாட்டுதல்’ என்றதும் ஃபோர்மேனின் கையும் தட்டும் மறைந்துவிட்டன. நுணுக்கம் என்ன என்று கேட்டால் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆகவே வெட்டும் வேலைக்கு ஒரு கட்டுப்பாட்டை முதலிலேயே நிர்வாகத்திடம் ஒப்புக்கொள்ளச் செய்துவிடுங்கள்: பதிவில் இல்லாத பெயரடையோ வினையோ வரியில் சேரக் கூடாது. சொற்களை நீக்கலாம், ‘அவரு’ என்பது யாரென்று புரியாவிட்டால் ‘ஃபோர்மேன்’ என்று போடலாம், நடந்த வரிசை மாறாமல் வாக்கியத்தை முன்பின்னாக்கலாம். அதற்கு மேல் போனால் அது அவர் சொன்னதல்ல.

‘நாங்கள் அனைவரும் ஒரே குடும்பம்’ என்ற வரிக்கும் இதே சிகிச்சைதான், ஆனால் அதில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். அப்படிச் சொல்கிற ஊழியர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அதே ஆலையில் மூட்டை தூக்கும் பிரிவில் இருந்த ஒருவர், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நடந்ததைச் சொன்னார்: “எங்க வீட்டு ஓடு அத்தனையும் போயிடுச்சு. மில்லுலேர்ந்து தார்ப்பாய் வந்துச்சு. பத்து நாள் வேலைக்கு வரல, அந்தச் சம்பளத்தைப் பிடிக்கல.” மூன்று சிறு வாக்கியங்களில் குடும்பம் என்ற சொல்லே இல்லாமல் அது முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் தன் வீட்டின் நிலை ஊருக்குத் தெரிவதில் ஒருவருக்குக் கூச்சம் இருக்கலாம். நிர்வாகத்தின் உதவிக்கு நன்றி சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில் அவர் சொல்லியிருக்கவும் கூடும். அதனால் இத்தகைய வரியை அன்றைக்கே எடுத்துக்கொள்ளாமல், சில நாள் கழித்து அவரிடம் தனியாகப் படித்துக் காட்டி, போட வேண்டுமா என்று மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எங்களிடம் அவர் போடச் சொன்னார். வீட்டு ஓடு பற்றிய வாக்கியத்தை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டோம்.

அடுத்தது, கஷ்டத்தைச் சொல்லும் வரி. எல்லாம் இனிப்பாக இருந்தால் எதையும் நம்பமாட்டார்கள் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வேலையின் கடினமான பகுதியை முன்கூட்டியே அறிந்து வருகிறவர், அது வரும்போது ஏமாந்துபோகாமல் நிலைத்து நிற்கிறார். உங்களைப் போன்ற ஆலைக்கு அது பணக் கணக்கிலேயே முக்கியம். குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் ஈர நெல் வந்து குவியும். டிரையர் இரவும் பகலும் ஓடும். நெல் கொள்முதல் செய்யும் இடத்தில் ஈரப்பதம் பார்க்கிற பெண் எங்களிடம் சொன்னது இது: “மீட்டர் 21 காட்டுது. அவர் 17தான் இருக்கும்கிறார். கோவம் வரத்தான் செய்யும், அவர் கஷ்டம் அவருக்கு. ரெண்டாவது மாதிரிக்குக் குத்தூசியை அவர் கையிலேயே கொடுத்துடுவேன், எந்த மூட்டைன்னு அவரே குத்தட்டும்.” அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீதம் என்ற வரம்பு டெல்டாவில் எல்லா விவசாயிக்கும் மனப்பாடம் என்பதால், அந்த எண் வந்ததுமே காட்சி இங்குள்ள யாருக்கும் கண்முன் வந்துவிடும். ஆத்திரத்தில் இருக்கிற ஒருவரை எதிர்கொள்ள வேண்டிய வேலை இது என்று அவர் மறைக்காமல் சொல்கிறார். அதை நிதானமாகச் செய்யும் வழி ஒன்று தன்னிடம் இருப்பதும் அதே மூச்சில் தெரிந்துவிடுகிறது. விவசாயி கோபப்படுகிறார் என்பது பக்கத்தில் வரலாமா என்று உங்கள் முதலாளி தயங்கக்கூடும். ‘அவர் கஷ்டம் அவருக்கு’ என்ற வாக்கியம் இருக்கும்வரை தயங்க வேண்டியதில்லை. அதை வெட்டிவிட்டால் மட்டும், விவசாயியைக் குறை சொல்வதாக ஆகிவிடும்.

கஷ்டத்தைக் கேட்கும்போது, வரியாகப் போட முடியாத ஒன்று வெளியே வருவதும் உண்டு. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் சரியாக வருவதில்லை, இரவு ஷிஃப்ட் முடிந்து கடைசிப் பேருந்து போன பிறகு வீட்டுக்குப் போக வழியில்லை என்பவை போல. அதை மென்மையாக்கி ‘சவாலான பணி நேரங்கள்’ என்று எழுதாதீர்கள். பக்கத்திலிருந்து விட்டுவிட்டு, சொன்னவர் பெயரைக் குறிப்பிடாமல் நிர்வாகத்திடம் கொண்டுபோங்கள். அது சரியான பிறகு வேண்டுமானால் அதைப் பற்றிய வரி தானாக வரும். யாரிடம் கேட்டாலும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்ற நிலை இருந்தால், ஊழியர் கருத்துகள் என்ற பகுதியே இப்போதைக்கு வேண்டாம். சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, ஷிஃப்ட் நேரம் என்ன, ஆலை வண்டி எந்தெந்த ஊர் வழியாக வருகிறது, சாப்பாடு உண்டா என்பதை நான்கு வரியில் போட்டாலே விண்ணப்பிக்கிறவருக்கு அது பெரிய உதவி.

பேச்சுத் தமிழ் பற்றி உங்கள் முதலாளி எழுப்பிய கேள்வி நியாயமானது. அதைத் தள்ளிவிடாமல் எடுத்துக்கொள்வோம். கலர் சார்ட்டர் வரியை முழு எழுத்துத் தமிழில் போட்டுப் பாருங்கள்: “கருப்பு அரிசி ஒன்றுகூட வரக் கூடாது என்று சென்சிட்டிவிட்டியை ஏற்றி வைத்துவிட்டேன். ஃபோர்மேன் வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. கழிவில் ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் போட்டு, ‘எண்ணு’ என்றார்.” இதுவும் மனிதர் பேசுவதாகவே இருக்கிறது. ஆகவே முழக்கமாக ஒலித்ததற்குக் காரணம் எழுத்துத் தமிழ் அல்ல. வாக்கியம் சிறியதாக இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒருவர் ஏதோ செய்கிறார், பொருள்களுக்கு ஆலையில் வழங்குகிற பெயரே இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் விகுதி எதுவாக இருந்தாலும் பேச்சு உயிரோடு இருக்கும். அந்த மூன்றும் இல்லாமல் ‘இங்க தினமும் புதுசா கத்துக்கிறேங்க’ என்று வெறும் விகுதியை மட்டும் மாற்றினால் முழக்கம் முழக்கமாகவே இருக்கும், கூடவே நடிப்பும் சேர்ந்துவிடும். இரண்டு வடிவத்தையும் முதலாளியிடம் காட்டி, அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்தது இலேசான பேச்சு வடிவம்; பத்திரிகைப் பேட்டிகளில் நாம் படித்துப் பழகிய அளவு. ஆனால் அவர் எழுத்துத் தமிழையே விரும்பினால் நீங்கள் இழப்பது அதிகமில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பல நிறுவனப் பக்கங்களில் மேலாளர் எழுத்துத் தமிழில் பேசுகிறார், மூட்டை தூக்குகிறவர் ‘வந்துச்சு போச்சு’ என்று பேசுகிறார். உண்மையில் இருவருமே வீட்டில் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். ஒருவருடைய பேச்சை மட்டும் அப்படியே பதித்து, மற்றவருடையதைச் செப்பனிட்டுப் போடுவது, யார் படித்தவர், யார் படிக்காதவர் என்று பெயர்ப் பலகை மாட்டுவதற்குச் சமம். நம் ஊரில் அது சாதியைக் காட்டுவதாகவும் படிக்கப்படும். ஒருவருடைய ஊரையோ சமூகத்தையோ மட்டும் காட்டுகிற ஒலிகளை இருவருக்குமே சமமாக நீக்கிவிடுங்கள்: ‘போவுது’ என்பது ‘போகுது’ ஆகலாம், ‘மொதல்ல’ என்பது ‘முதல்ல’ ஆகலாம். சொற்களை மாற்றாதீர்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளியின் வரியைச் சேர்க்க விரும்பினால், அவர் மொழியில் பேசக்கூடிய சக தொழிலாளியைக் கொண்டு பதிவு செய்து, அந்த மொழியிலும் தமிழிலும் சேர்த்துப் போடுங்கள். அவருடைய அரைகுறைத் தமிழை அப்படியே பதிப்பது அவரைச் சிறுமைப்படுத்தும்.

பக்கத்தில் எட்டுப் பேர் வேண்டாம். மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர், ஒவ்வொருவரும் வேறு வேறு பிரிவு, முப்பதிலிருந்து நாற்பது சொல்லுக்குள். நீங்கள் ஆள் எடுக்கப்போகும் பிரிவிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும். பெயருக்குக் கீழே ‘கலர் சார்ட்டர் இயக்குநர், 2021 முதல்’ என்று வேலையையும் சேர்ந்த ஆண்டையும் போடுங்கள். ஊர்ப் பெயர் அவர் விரும்பினால் மட்டும். படம் போட விருப்பமில்லாத பெண்கள் இருப்பார்கள்; காரணம் கேட்காமல் படமில்லாமலே போடுங்கள். முடிந்தவுடன், பெயர்களை மறைத்துவிட்டு வரிகளை மட்டும் ஆலையில் இருக்கிற யாராவது இரண்டு பேரிடம் கொடுத்து, இது யார் சொன்னது என்று கேளுங்கள். ‘இது நம்ம சார்ட்டர் தம்பிதானே’ என்று உடனே சொன்னால் வரி சரியாக வந்திருக்கிறது. யாராக இருக்கும் என்று யோசித்தால், அந்த ஊழியரிடம் திரும்பப் போய் இன்னொரு முறை பேச வேண்டும்.

கடைசியாக ஒப்புதல். பதிவு செய்ய அனுமதி வாங்கியதோடு அது முடிவதில்லை. இறுதி வரியை, அது பக்கத்தில் தெரியப்போகிற வடிவத்திலேயே, படத்துடன் அவரிடம் காட்டுங்கள். படிக்கச் சிரமப்படுகிறவருக்கு நீங்களே நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். எதை எடுக்கச் சொன்னாலும் எடுங்கள். பிறகு கையெழுத்து வாங்குங்கள். மேலாளர் முன்னிலையில் வாங்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கட்டாயமின்றித் தரப்பட வேண்டும் என்றும், கொடுப்பது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே அந்தத் தாளிலேயே, வேண்டாம் என்று தோன்றினால் யாருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் போதும் என்பதை எண்ணுடன் எழுதிவைத்துவிடுங்கள். செய்தி வந்த அன்றே எடுத்துவிடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் வரியை, கடைசிச் சம்பளம் தீர்க்கிற அன்றே நீக்கிவிடுவது நல்லது. அந்த இடம் அடுத்த சீசன்வரை காலியாக இருந்தாலும் இருக்கட்டும், குறுவை நெல் வரத் தொடங்கும்போது கைபேசியை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போய் உட்காருங்கள்.